மாலில் நிறுத்திய காரை டோ செய்துவிட்டார்கள்: நிர்வாகத்துக்கு எழுதும் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

ஃப்ரீமான்ட், சன்னிவேல், சான் ஹோசே பக்கம் குடியிருக்கும் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் கார் இல்லை. திருட்டு என்று நினைத்து போலீஸைக் கூப்பிட்டால், "உங்கள் வண்டி டோ ஆகியிருக்கிறது, இந்த யார்டில் இருக்கிறது" என்கிறார்கள். நானூறு டாலர் கட்டி வண்டியை எடுத்த பிறகுதான் கோபம் வருகிறது. முன்னறிவிப்பே இல்லாமல் எப்படி இழுத்துப் போகலாம்? அந்தக் கோபத்திலேயே மால் நிர்வாகத்துக்கு இரண்டு பக்கம் எழுதி அனுப்புகிறார்கள். பதில் வருவதில்லை.

பதில் வராததற்கு ஒரு காரணம், பெரும்பாலான கடிதங்கள் தவறான இடத்தைத் தட்டுகின்றன. கலிபோர்னியா சட்டத்தில் 'அறிவிப்பு' என்ற சொல்லுக்கு நாம் நினைக்கும் பொருள் இல்லை. முதலில் அதைப் பார்ப்போம்.

## அறிவிப்பு என்றால் எது?

தனியார் இடத்தில் நிற்கும் வண்டியை இடத்தின் உரிமையாளர் டோ செய்ய வைப்பதை கலிபோர்னியா வாகனச் சட்டத்தின் 22658-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. மாலின் பார்க்கிங் லாட் இதில் அடக்கம். உங்களுக்கு போன் செய்ய வேண்டும் என்றோ, கண்ணாடியில் சீட்டு ஒட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்றோ இந்தப் பிரிவு எல்லா நேரமும் கேட்பதில்லை. மாலுக்குப் பொருந்தக்கூடிய வழிகள் மூன்று. அவற்றில் ஏதாவது ஒன்று நிறைவேறியிருந்தால் போதும்.

1. இடத்தின் எல்லா நுழைவாயில்களிலும் கண்ணில் படும்படி பலகை இருக்க வேண்டும். அளவு குறைந்தது 17 அங்குலத்துக்கு 22 அங்குலம், எழுத்து உயரம் குறைந்தது ஓர் அங்குலம். பொதுமக்கள் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் வண்டி உரிமையாளரின் செலவில் அகற்றப்படும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். உள்ளூர் போக்குவரத்துப் போலீஸின் தொலைபேசி எண்ணும், மாலுடன் எழுத்து ஒப்பந்தம் வைத்திருக்கும் ஒவ்வொரு டோ நிறுவனத்தின் பெயரும் எண்ணும் இருக்க வேண்டும்.
2. பலகை இல்லையென்றால், வண்டிக்குப் பார்க்கிங் விதிமீறல் சீட்டு கொடுத்து 96 மணி நேரம் கடந்திருக்க வேண்டும்.
3. வண்டி எஞ்சின், சக்கரம் போன்றவை இல்லாமல் ஓட்டவே முடியாத நிலையில் கிடக்கிறது என்றால், போலீஸுக்குச் சொல்லி 24 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும்.

நல்ல நிலையில் ஓடும் காரை, சீட்டு கொடுக்காமல், சனிக்கிழமை மாலையில் இழுத்துப் போயிருக்கிறார்கள் என்றால் மாலுக்கு மிச்சமிருக்கும் வழி முதலாவது மட்டும்தான். ஆக, அவர்கள் கொடுத்த அறிவிப்பு அந்தப் பலகைதான். "எனக்கு யாரும் சொல்லவில்லை" என்று எழுதும் கடிதத்துக்கு, "பலகை இருக்கிறதே" என்ற ஒரே வரியில் மால் பதில் சொல்லிவிடலாம். "கிழக்கு நுழைவாயிலில் பலகை இல்லை" என்று எழுதினால் அப்படிச் சமாளிக்க முடியாது. சட்டம் 'எல்லா நுழைவாயில்களிலும்' என்கிறது. நாலு வாயிலில் மூன்றில் இருந்தால் போதும் என்று எங்கும் சொல்லவில்லை.

டோ ஆன பிறகு இன்னோர் அறிவிப்பும் உண்டு. வண்டியின் பதிவு உரிமையாளர் யார் என்று டோ நிறுவனத்தால் தெரிந்துகொள்ள முடிந்தால், வண்டி அகற்றப்பட்டதையும், காரணத்தையும், எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். டோவுக்கு அனுமதி கொடுத்த ஒரு மணி நேரத்துக்குள் மால் தரப்பு போலீஸுக்குச் சொல்ல வேண்டும். அதனால்தான் போலீஸிடம் கேட்டதும் யார்டு பெயர் கிடைக்கிறது.

## கடிதம் ஏன் மாலுக்கு?

வண்டியை இழுத்தவன் டோ நிறுவனத்தான், காசு வாங்கியவனும் அவன்தான். சண்டையும் அவனோடுதான் என்று நினைப்பது இயல்பு. ஆனால் இழுக்கச் சொன்னது இடத்தின் உரிமையாளர் தரப்பு. மேலே சொன்ன பலகை அல்லது சீட்டு நிபந்தனை மீறப்பட்டிருந்தால், டோ கட்டணத்துக்கோ யார்டு வாடகைக்கோ இரு மடங்கு தொகைக்கு அந்தத் தரப்புதான் பொறுப்பு என்று 22658(e)(1) சொல்கிறது.

அதே உட்பிரிவில் இன்னொரு காரணமும் இருக்கிறது. பலரும் கவனிக்காமல் தாண்டிப் போவது அதைத்தான். வண்டியின் உரிமையாளர் கேட்டால், எதற்காக அகற்றினோம் என்ற காரணத்தை 22658(f)-இன்படி மால் தரப்பு சொல்ல வேண்டும். கேட்டும் சொல்லவில்லையென்றால் அதற்கும் இரு மடங்குப் பொறுப்பு உண்டு. அதாவது கடிதத்தில் "என் வண்டியை அகற்றியதற்கான காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும்" என்று ஒரு வரி இருந்தால், மால் அமைதியாக இருப்பதே அதற்கு எதிரான ஆதாரமாகிறது. அந்த வரி இல்லாமல் இரண்டு பக்கம் புலம்பியிருந்தால் அந்த அமைதிக்கு எந்த அர்த்தமும் இல்லை.

சிலர் போலீஸிடம் போய் விசாரணை கேட்கிறார்கள். போலீஸே டோ செய்ய வைத்த வண்டிகளுக்கு அப்படி ஒரு விசாரணை உண்டு என்பது உண்மை. தனியார் இடத்திலிருந்து 22658-இன் கீழ் போன வண்டிக்கு அது கிடையாது. அங்கே அலைவது வீண்.

## யார்டில் கேட்டு வாங்க வேண்டிய காகிதம்

கடிதம் எழுதுவதற்கு முன் ஒன்று கையில் வர வேண்டும். சில விதிவிலக்குகள் தவிர, ஒவ்வொரு டோவுக்கும் இடத்தின் உரிமையாளரோ அவரது ஊழியரோ முகவரோ எழுத்தில் அனுமதி தர வேண்டும். அவர் டோ நடக்கும்போது அங்கேயே இருந்து, விதிமீறல் உண்மைதானா என்று சரிபார்க்கவும் வேண்டும். டோ நிறுவனம் தானாகவே லாட்டைச் சுற்றி வந்து, கண்ணில் பட்டதை எல்லாம் தூக்கிப் போக முடியாது. தீயணைப்புப் பாதையில் நிற்பது, தீயணைப்புக் குழாய்க்கு 15 அடிக்குள் நிற்பது, நுழைவு அல்லது வெளியேறும் வழியை மறிப்பது ஆகியவற்றுக்கு மட்டும் பொது அனுமதி செல்லும்.

அந்த எழுத்து அனுமதியில் வண்டியின் விவரம், அனுமதித்தவரின் பெயர், கையெழுத்து, பதவி, முகவரி, தொலைபேசி எண், அகற்றும் காரணம் எல்லாம் இருக்க வேண்டும். இவற்றோடு இரண்டு நேரங்களும் இருக்க வேண்டும்: வண்டியை முதலில் பார்த்த நேரம், அனுமதி கொடுத்த நேரம். நீங்கள் பணம் கட்டுவதற்கு முன்பே இதன் நகலை டோ நிறுவனம் கொடுக்க வேண்டும். யார்டு ஜன்னலில் இருப்பவர் தானாக எடுத்துக் கொடுப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள், பெயர் சொல்லிக் கேளுங்கள். தர மறுத்தால், மறுத்த நேரத்தை ரசீதின் பின்னால் குறித்துக்கொள்ளுங்கள்.

## அந்த இரண்டு நேரங்கள் எதற்கு?

வாகனச் சட்டத்தில் 22953 என்று இன்னொரு சிறிய பிரிவு இருக்கிறது. மாலுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி அது. பொதுமக்களுக்குக் கட்டணமில்லாமல் திறந்துவிட்டிருக்கும் தனியார் பார்க்கிங்கில், வண்டி நிறுத்தப்பட்ட ஒரு மணி நேரத்துக்குள் அதை அகற்றக் கூடாது என்கிறது. இதற்கும் விதிவிலக்கு உண்டு: தீயணைப்புப் பாதை, தீயணைப்புக் குழாய், வழியை மறிப்பது, அனுமதி அட்டை இல்லாமல் மாற்றுத்திறனாளி இடத்தில் நிறுத்துவது. இவற்றில் ஏதாவது ஒன்று என்றால் உடனே இழுக்கலாம்.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். ஆட்களும் தொகையும் கற்பனை, நடக்கிற விதம் வழக்கமானது.

ஒருவர் சனிக்கிழமை மாலை 3:52-க்குப் பக்கத்து ஊரில் பெட்ரோல் போட்டிருக்கிறார். மாலுக்கு வந்து 4:10-க்கு நிறுத்துகிறார். மளிகைக் கடையில் 4:38-க்குப் பில் போடுகிறார். பையைத் தூக்கிக்கொண்டே சாலையைக் கடந்து எதிரில் இருக்கும் மருந்துக் கடைக்குப் போய்விட்டு 4:58-க்குத் திரும்புகிறார். கார் இல்லை. 5:02-க்குப் போலீஸுக்கு போன். யார்டில் டோவுக்கு 300 டாலர், ஒரு நாள் வாடகை 90 டாலர், மொத்தம் 390 டாலர்.

கையில் கிடைத்த அனுமதிச் சீட்டில் காரணம், 'வாடிக்கையாளர் வளாகத்தை விட்டு வெளியேறினார்'. முதலில் பார்த்த நேரம் 4:15, அனுமதி நேரம் 4:40. அனுமதித்தவர் பெயருக்கு எதிரே மால் மேலாளரின் பெயர். அந்த அலுவலகக் கதவில் சனிக்கிழமை விடுமுறை என்று ஒட்டியிருக்கிறது.

இந்தச் சீட்டை வைத்துப் பார்த்தால் சில விஷயங்கள் தெளிவாகின்றன. 3:52-க்கு வேறு ஊரில் இருந்த கார் மதியத்திலிருந்தே இங்கே நின்றது என்று மால் சொல்ல முடியாது. முதலில் பார்த்தது 4:15 என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். 4:58-க்கு வண்டி இல்லை. 4:10-இலிருந்து ஒரு மணி நேரம் என்றால் 5:10. அதற்கு முன்பே வண்டி போய்விட்டது. வளாகத்தை விட்டு வெளியேறினார் என்பது விதிவிலக்குப் பட்டியலில் இல்லை. எனவே 22953 மீறப்பட்டிருக்கிறது. இங்கே நம் பக்கம் பேசும் சாட்சி மளிகை பில்லை விட அந்தப் பெட்ரோல் ரசீதுதான். மளிகை பில் 4:38-க்கு அவர் கடையில் இருந்தார் என்று மட்டும் காட்டுகிறது, எப்போது வந்தார் என்று காட்டாது.

அடுத்தது கையெழுத்து. விடுமுறை நாளில் மேலாளர் நேரில் நின்று சரிபார்த்தாரா, அல்லது முன்கூட்டியே கையெழுத்திட்ட சீட்டுக் கட்டை டோ ஓட்டுநரிடம் கொடுத்து வைத்திருக்கிறார்களா என்ற சந்தேகம் நியாயமானது. ஆனால் சந்தேகம் மட்டுமே. கடிதத்தில் இதைக் குற்றச்சாட்டாக எழுதாமல் கேள்வியாகக் கேட்பது புத்திசாலித்தனம்.

கடைசியில் பலகை. மறுநாள் காலையே போய் எல்லா நுழைவாயில்களையும் படம் எடுக்கிறார். இரண்டு வாயிலில் பலகை சரியாக இருக்கிறது. பின்பக்கச் சாலையிலிருந்து வரும் வாயிலில் பலகையே இல்லை, ஒரு வெறும் கம்பம் நிற்கிறது. வாயிலும் கம்பமும் தெரு பெயர்ப் பலகையும் ஒரே படத்தில் வரும்படி எடுக்கிறார். இருக்கும் பலகைகளின் மேல் அளவு நாடாவை வைத்தும் இரண்டு படம்.

இரு மடங்குக் கேள்வி இந்த வெறும் கம்பத்தின் மேல்தான் நிற்கிறது. 390-க்கு இரு மடங்கு 780 டாலர். கட்டிய 390 தனி, அதற்கு மேல் 780 என்று மொத்தம் 1,170 கேட்பவர்களும் உண்டு. சட்டத்தின் வாசகம் 'கட்டணத்துக்கு இரு மடங்கு' என்பதால், 780 என்று கேட்பதே பாதுகாப்பான கணக்கு.

## கடிதம்

யாருக்கு அனுப்புவது என்பதில் கொஞ்சம் தேட வேண்டும். மாலின் வாசலில் இருக்கும் பெயர் வணிகப் பெயர். நிலத்தின் உரிமையாளர் வேறு நிறுவனம், நிர்வாகம் இன்னொன்று. உரிமையாளர் யார் என்று கவுன்டி அசெஸர் அலுவலகத்தில் கேட்கலாம். நிறுவனத்தின் சட்ட முகவரியும், கோர்ட் காகிதங்களைப் பெற்றுக்கொள்ளும் முகவரின் பெயரும் கலிபோர்னியா செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். உரிமையாளர், நிர்வாகம் இருவருக்குமே அனுப்புங்கள். பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து திரும்பி வரும் சர்ட்டிஃபைடு மெயிலில் போட்டு, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

அனுப்புவது ஆங்கிலத்தில்தான் இருக்கும். உள்ளடக்கம் இப்படி:

> பொருள்: உங்கள் வளாகத்திலிருந்து என் வாகனம் அகற்றப்பட்டது பற்றிய ஆட்சேபமும் பணம் திருப்பிக் கேட்டலும்
>
> சென்ற சனிக்கிழமை மாலை 4:10 மணிக்கு உங்கள் வளாகத்தின் கட்டணமில்லாப் பார்க்கிங்கில் என் காரை (பதிவு எண், தயாரிப்பு, மாடல்) நிறுத்தினேன். 4:58-க்குத் திரும்பியபோது கார் அகற்றப்பட்டிருந்தது. அதைத் திரும்பப் பெற 390 டாலர் செலுத்தினேன்.
>
> வாகனச் சட்டம் 22658(f)-இன்படி, என் வாகனத்தை அகற்றியதற்கான காரணத்தை எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்கிறேன்.
>
> பின்பக்கச் சாலை நுழைவாயிலில் 22658(a)(1) கேட்கும் பலகை இல்லை. மறுநாள் எடுத்த படங்களை இணைத்துள்ளேன். விதிமீறல் சீட்டு எதுவும் எனக்குத் தரப்படவில்லை.
>
> உங்கள் அனுமதிச் சீட்டின்படி வாகனம் முதலில் காணப்பட்டது 4:15, அனுமதி 4:40. நிறுத்திய ஒரு மணி நேரத்துக்குள் அகற்றுவதை 22953 தடை செய்கிறது. நான் தீயணைப்புப் பாதையிலோ, வழியை மறித்தோ, மாற்றுத்திறனாளி இடத்திலோ நிறுத்தவில்லை.
>
> அனுமதியில் கையெழுத்திட்டவர் அகற்றும்போது நேரில் இருந்தாரா என்பதையும் தெரிவிக்கவும்.
>
> 22658(e)(1)-இன்படி 780 டாலரை இந்தக் கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் செலுத்துமாறு கோருகிறேன். இல்லையெனில் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் வழக்குத் தொடுப்பேன்.
>
> இணைப்பு: கட்டண ரசீது, அனுமதிச் சீட்டு நகல், பெட்ரோல் ரசீது, மளிகை பில், நுழைவாயில் படங்கள்.

எவ்வளவு அலைச்சல், குழந்தை அழுதது, ஐஸ்கிரீம் உருகிப் போனது என்று இதில் எதுவும் இல்லை. அவை உண்மையாக இருந்தாலும், படிக்கும் மேலாளர் பிடித்துக்கொண்டு பதில் எழுத வசதியாக இருப்பது அந்த வரிகள்தான். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று முடித்துவிடுவார். 14 நாள் என்பது சட்டம் குறித்த காலம் அல்ல, நியாயமான அவகாசம் என்று நாம் வைப்பது. காரில் கீறல், பம்பர் உடைப்பு போல சேதம் இருந்தால் அதைத் தனி வரியில், தனித் தொகையாக எழுத வேண்டும். அது 22658(d)-இன் கீழ் வரும் வேறு கோரிக்கை, இரு மடங்குக் கணக்கில் சேராது.

அனுப்புவதற்கு முன் இந்தப் பிரிவுகளின் இன்றைய வாசகத்தை leginfo.legislature.ca.gov தளத்தில் ஒரு முறை படித்துவிடுங்கள். திருத்தங்கள் வரும்போது உட்பிரிவு எழுத்துகள் இடம் மாறக்கூடும். தவறான உட்பிரிவை எழுதினால் மற்றதையும் நம்பமாட்டார்கள்.

## கடிதம் எழுதிப் பயனில்லாத நேரம்

எல்லா டோவும் சட்டத்துக்கு விரோதமானது அல்ல. ஆட்சேபிக்கும் முன் இவற்றை நேர்மையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1. சிவப்பு வண்ணம் பூசிய விளிம்புக்கு அருகில், "ரெண்டே நிமிஷம்" என்று நிறுத்தியிருந்தால், அது தீயணைப்புப் பாதையா என்று பாருங்கள். ஆம் என்றால் ஒரு மணி நேரச் சலுகை கிடையாது.
2. காலையில் மாலில் நிறுத்திவிட்டு ரயிலேறி வேலைக்குப் போய் மாலையில் வந்திருந்தால், 22953 உதவாது. பலகையும் அனுமதிச் சீட்டும் குறையில்லாமல் இருந்தால் கேட்க ஒன்றுமில்லை.
3. "நான் பலகையைப் பார்க்கவில்லை" என்பது வாதம் அல்ல. பலகை இல்லை, மரக்கிளை மறைத்திருந்தது, எழுத்து ஓர் அங்குலத்துக்குக் குறைவு, போலீஸ் எண் இல்லை என்பவைதான் வாதங்கள்.

வண்டியை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் வந்துவிட்டால் கதை வேறு. வளாகத்தை விட்டு வெளியேறாத வரை, கேட்டவுடன் அவர்கள் வண்டியை விட்டாக வேண்டும். ஏற்கெனவே கொக்கி மாட்டியிருந்தால் வழக்கமான டோ கட்டணத்தில் பாதி வரை கேட்கலாம், அதற்கு மேல் இல்லை. முழுக் கட்டணம் கட்டினால்தான் இறக்குவேன் என்று ஓட்டுநர் சொன்னால் வண்டிக்கு முன்னால் போய் நிற்காதீர்கள். போலீஸின் அவசரமல்லாத எண்ணுக்கு போன் செய்துவிட்டு, டோ வண்டியும் மாலின் தரையும் தெரியும்படி படம் எடுங்கள்.

## பதினான்கு நாள் கழிந்த பிறகு

கலிபோர்னியாவில் தனிநபர் ஒருவர் 12,500 டாலர் வரை ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் கேட்கலாம். வக்கீல் இரு தரப்புக்கும் கிடையாது. மால் தன் ஊழியர் ஒருவரைத்தான் அனுப்ப வேண்டும். தொடுக்கும் படிவத்தின் பெயர் SC-100. வழக்குக்கு முன் எதிர்த்தரப்பிடம் பணத்தைக் கேட்டீர்களா என்று அந்தப் படிவமே கேட்கிறது. உங்கள் கடிதம் அதற்கான பதில். 1,500 டாலர் வரையிலான வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் 30 டாலர், ஜெயித்தால் அதையும் செலவில் சேர்த்துக் கேட்கலாம்.

படிவத்தை மாலிடம் நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது. வழக்கில் சம்பந்தப்படாத, 18 வயது நிறைந்த ஒருவர் கொடுக்க வேண்டும். அதே கவுன்டியில் இருக்கும் தரப்புக்கு, நேரில் கொடுப்பதாக இருந்தால் விசாரணைக்குக் குறைந்தது 15 நாட்களுக்கு முன் சேர வேண்டும்.

விசாரணை நாளுக்குள் அந்தப் பின்பக்க வாயிலில் புதுப் பலகை வந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். எதிர்த்தரப்பு அன்று காலை எடுத்த படத்தோடு வருவார். அதனால்தான் மறுநாளே, தேதியோடு எடுத்த படம் முக்கியம். போனில் காட்டுவதற்குப் பதிலாக அச்செடுத்து மூன்று நகல் கொண்டுபோங்கள்: நீதிபதிக்கு ஒன்று, எதிர்த்தரப்புக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று.